இரவு 2:06-க்கு வந்தவர் சிங்கப்பூரிலிருந்து வந்தார்

செவ்வாய்க்கிழமை காலை 8:20. பையை இன்னும் மேசையில் வைக்கவில்லை. கணக்குப் பிரிவு அக்கா என் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இரவெல்லாம் தூங்காத முகம்.

"தம்பி, நேத்து ராத்திரி பாஸ்வேர்ட மாத்துனேன். காலைல அதைப் போட்டா தப்புங்குது. நான்தான் தப்பா அடிக்கிறேனான்னு நாலு தடவை பாத்துட்டேன்."

"ராத்திரி ஏன்க்கா மாத்துனீங்க?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு தன் கைப்பேசியை என் முன் வைத்தார். அவருடைய அலுவலகக் கணக்கில் எப்போது, எங்கிருந்து உள்நுழைந்திருக்கிறார்கள் என்று காட்டும் பக்கத்தைத் திங்கள் இரவே படம் பிடித்து வைத்திருந்தார். வியாழக்கிழமை மாலை 4:15. இடம்: நெதர்லாந்து. அந்த நேரத்தில் அவர் சிங்கப்பூரின் உபி பகுதியில் இருக்கும் எங்கள் அலுவலகத்தில், எனக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் நிறுவனம் கப்பல்களுக்கு உதிரிப் பாகங்கள் விற்கிறது. ஐடி துறை என்றால் நானும் இன்னொருவரும்தான். வெளிநாட்டிலிருந்து யாரோ உள்நுழைந்ததாக வரும் புகார்களில் பல ஒன்றுமில்லாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். ஜோகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் தாண்டி வருகிறவர்கள் எங்களிடம் நிறைய. அவர்கள் வீட்டு வைஃபையில் மெயிலைத் திறந்தால் மலேசியா என்று பதிவாகும். அதே ஆள் சிங்கப்பூர் சிம்மை ரோமிங்கில் வைத்து அதே வீட்டில் திறந்தால் சிங்கப்பூர் என்றே காட்டும், ஏனென்றால் ரோமிங்கில் இணையப் போக்குவரத்து பெரும்பாலும் சொந்த நாட்டு நிறுவனத்தின் வழியாகச் சுற்றித்தான் வெளியே போகிறது. ஆக, பதிவில் தெரியும் நாடு, இணைய இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரி எந்த நாட்டுக் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பது அதில் இல்லை.

ஆனால் மாற்றிய பாஸ்வேர்ட் காலையில் செத்துப்போயிருந்தது. அதற்கு ரோமிங்கைக் காரணம் சொல்ல முடியாது.

முதலில் செய்தது, யாருக்கும் மெயில் அனுப்பாமல் இருந்தது. உள்ளே ஒருவர் இருக்கிறார் என்றால் அக்காவின் மெயிலையும், அதே கணக்கில் திறக்கும் டீம்ஸ் உரையாடலையும் அவர் படித்துக்கொண்டிருக்கலாம். மேலாளரிடம் நேரில் போய்ச் சொன்னேன். திரும்பி வந்து அக்காவின் கணக்கில் உள்நுழைவதையே தடுத்தேன், பாஸ்வேர்டை மாற்றினேன், ஏற்கெனவே திறந்திருந்த எல்லா அமர்வுகளையும் ரத்து செய்தேன்.

```
Revoke-MgUserSignInSession -UserId user@example.com
```

இந்தக் கட்டளை கொடுத்த நொடியிலேயே எல்லாம் அறுந்துவிடாது. உள்நுழைந்தவருக்கு அனுமதிச் சீட்டு போல ஏற்கெனவே வழங்கப்பட்ட டோக்கன் சுமார் ஒரு மணி நேரம் செல்லுபடியாகலாம். மெயில் சேவை போன்ற சிலவற்றில்தான் ரத்தான செய்தி சில நிமிடங்களில் போய்ச் சேரும். அதனால் தடுப்பை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் பதிவுகளைப் படிக்க உட்கார்ந்தேன். நாங்கள் வாங்கியிருக்கும் மைக்ரோசாஃப்ட் உரிமத்தில் உள்நுழைவுப் பதிவுகள் 30 நாள் வரை இருக்கும். இலவச நிலையில் 7 நாள்தான். அக்கா இன்னும் ஒரு வாரம் பயந்துகொண்டே இருந்திருந்தால், இலவச நிலையில் இருக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் அந்த வியாழக்கிழமையே அழிந்துபோயிருக்கும்.

வியாழன் 4:15 பதிவைத் திறந்தேன். பாஸ்வேர்ட் சரி. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பும் சரி. அதாவது அக்காவின் கைப்பேசி ஒப்புதல் கொடுத்திருக்கிறது.

"அக்கா, வியாழக்கிழமை சாயங்காலம் போன்ல ஏதாச்சும் நம்பர் போட்டீங்களா?"

"போட்டேனே. நம்ம சப்ளையர்கிட்டேருந்து ஆர்டர் பத்தி ஒரு மெயில். லிங்கைத் தொட்டா லாகின் கேட்டுச்சு. ரெண்டு இலக்க நம்பர் காட்டுச்சு, போன்ல போட்டேன். அப்புறம் பக்கம் வெறுமையா நின்னுபோச்சு. நெட்டு சரியில்லன்னு விட்டுட்டேன்."

நடந்தது முழுவதும் அந்தப் பதிலில் இருக்கிறது. சப்ளையரின் மெயில் போலி இல்லை. அவருடைய உண்மையான கணக்கிலிருந்தே வந்தது, ஏனென்றால் அவர் கணக்கும் அதற்கு முன்பே திருடப்பட்டிருந்தது. லிங்க் போய்ச் சேர்ந்த பக்கம் மட்டும்தான் போலி. அதுவும் வெறும் நகல் பக்கம் இல்லை. நடுவில் நின்று இரண்டு பக்கமும் பேசும் ஒரு கணினி. அக்கா தட்டிய பாஸ்வேர்டை உடனே மைக்ரோசாஃப்டிடம் கொடுக்கிறது. மைக்ரோசாஃப்ட் காட்டும் இரண்டு இலக்க எண்ணை அப்படியே அக்காவுக்குக் காட்டுகிறது. அக்கா கைப்பேசியில் எண்ணைப் போட்டதும், உள்நுழைந்ததற்கு அடையாளமாக வரும் குக்கீயைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. மைக்ரோசாஃப்டின் கண்ணுக்கு உள்நுழைந்தது அந்த நடுக்கணினி. பதிவில் நெதர்லாந்து வந்தது அதனால்தான்; வாடகைக்கு எடுத்த ஏதோ ஒரு சர்வர் அங்கே ஒரு தரவு மையத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

அக்காவுக்கு இதை நம் கட்டட வாசலை வைத்து விளக்கினேன். வரவேற்பில் அடையாளத்தைக் காட்டினால் ஒரு நுழைவுச் சீட்டு தருவார்கள். அதன் பிறகு கேட்டில் யாரும் முகத்தைப் பார்ப்பதில்லை, சீட்டைத் தட்டினால் கதவு திறக்கும். உங்கள் அடையாளத்தை யாரும் திருடவில்லை. நீங்களே காட்டி வாங்கிய சீட்டைத்தான் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்த எண் பொருத்தும் முறையை 2023 மே மாதத்தில் மைக்ரோசாஃப்ட் எல்லாருக்கும் கட்டாயமாக்கியது. தூக்கக் கலக்கத்தில் 'ஒப்புதல்' பொத்தானை அழுத்திவிடும் தவறை அது நன்றாகவே தடுக்கிறது. நடுவில் நிற்பவரை அது தடுப்பதில்லை.

இதே மாதிரி ஒன்றை நான் முன்பு வேலை பார்த்த இடத்திலும் பார்த்திருக்கிறேன். அப்போது பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்துவிட்டுப் புகாரை முடித்துவைத்தேன். பதினோராம் நாள் அதே கணக்கிலிருந்து வாடிக்கையாளர்களுக்குப் போலி மெயில்கள் போயின. வந்தவர் என்னென்ன விட்டுவிட்டுப் போனார் என்று நான் தேடவே இல்லை. அந்தப் பதினோரு நாள் இன்றும் என்னை உறுத்துகிறது. அதனால் இந்த முறை கதவை மூடிய கையோடு, உள்ளே என்ன வைத்திருக்கிறார் என்று தேடினேன்.

அக்காவின் கணக்கில் பதிவாகியிருந்த சரிபார்ப்புச் சாதனங்களைப் பார்த்தேன். கைப்பேசிச் செயலி இரண்டு இருந்தது. அக்காவிடம் இருப்பது ஒரே கைப்பேசி. தணிக்கைப் பதிவில் வியாழன் 4:40-க்கு `User registered security info` என்று ஒரு வரி. உள்ளே வந்து இருபத்தைந்து நிமிடத்தில் தன் கைப்பேசியையும் அக்காவின் இரண்டாவது கைப்பேசி போலச் சேர்த்துவிட்டார்.

இங்கேதான் அந்தச் செத்துப்போன பாஸ்வேர்டின் கதை பிடிபட்டது. அக்கா திங்கள் இரவு 11:20-க்கு மாற்றியது வீண் இல்லை. பயனர் பாஸ்வேர்டை மாற்றினால், பழைய பாஸ்வேர்டால் பெற்ற அமர்வு மறுபடி புதுப்பிக்க முடியாமல் நின்றுவிடும். நடுராத்திரி வாக்கில் அந்த ஆள் வெளியே தள்ளப்பட்டிருக்கிறார். ஆனால் பாஸ்வேர்டை மறந்தவர்கள் தாங்களே மாற்றிக்கொள்ளும் வசதியை எங்கள் அலுவலகத்தில் திறந்து வைத்திருந்தோம். அதற்கு ஒரே ஒரு சான்று போதும் என்றும் வைத்திருந்தோம். செயலியில் வரும் ஆறு இலக்க எண் ஒன்றே போதும். அவர் கைப்பேசியிலும் அந்த எண் வரும். இரவு 2:06, `Reset password (self-service)`. அந்த அமைப்பை அப்படி வைத்தது நான். ஐடி துறைக்கு வரும் 'பாஸ்வேர்ட் மறந்துட்டேன்' அழைப்புகள் குறையட்டும் என்று செய்தது.

அந்த 2:06 வரியில் இருந்த ஐபியைப் பார்த்தபோதுதான் உண்மையிலேயே எனக்குப் பயம் வந்தது. இடம்: சிங்கப்பூர். யாரோ ஒரு வீட்டின் சாதாரண இணைய இணைப்பு போலத் தெரிந்தது. வீட்டு இணைப்புகளைத் திருட்டுத்தனமாகவோ ஏமாற்றியோ வழியாகப் பயன்படுத்தி அவற்றை வாடகைக்கு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்தே அவருடைய எல்லா உள்நுழைவுகளும் சிங்கப்பூர் முகவரிகளிலிருந்துதான். அத்தனை பதிவுகளிலும் அக்காவின் கண்ணில் படக்கூடியதாக இருந்தது வியாழக்கிழமையின் அந்த ஒரே ஒரு நெதர்லாந்து வரி. அதுவும் சிங்கப்பூர் சர்வர் வழியாக வந்திருந்தால் அக்காவுக்குச் சந்தேகமே வந்திருக்காது. மற்ற நாடுகளிலிருந்து வரும் உள்நுழைவை மொத்தமாகத் தடுத்துவிடலாமே என்று மேலாளர் கேட்டார். தடுக்கலாம், ஓரளவு குப்பை குறையும். இவரை அது ஒரு நாள்கூடத் தாமதப்படுத்தியிருக்காது.

அடுத்து மெயில் பெட்டிக்குள் இருக்கும் விதிகள். இவை சர்வரிலேயே இருப்பவை. பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் தம் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

```
Get-InboxRule -Mailbox user@example.com -IncludeHidden
Get-Mailbox user@example.com | fl ForwardingSmtpAddress
```

ஒரு விதி இருந்தது. அதன் பெயர் வெறும் ஒரு புள்ளி. பட்டியலில் கண்ணுக்குப் படக்கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார். மலேசியாவின் கிள்ளானில் உள்ள எங்கள் ஒரு வாடிக்கையாளரின் முகவரியிலிருந்து எது வந்தாலும், அல்லது தலைப்பில் `password` என்ற சொல் இருந்தாலும், படித்ததாகக் குறித்துவிட்டு `RSS Feeds` என்ற கோப்புறைக்குத் தள்ளு. அவுட்லுக்கில் அந்தக் கோப்புறை பலருக்கும் இருக்கும், யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள். இரவு பாஸ்வேர்ட் மாறியபோது வந்த எச்சரிக்கை மெயிலும் அங்கேதான் போயிருந்தது.

மொத்தம் ஒன்பது மெயில்கள். கடைசி ஐந்தையும் வரிசையாகப் படித்தபோது அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்றார். கிள்ளான் வாடிக்கையாளர் எங்களுக்குத் தர வேண்டிய தொகை 1,18,600 வெள்ளி. திங்கள் காலை, அக்காவின் உண்மையான முகவரியிலிருந்து, இரண்டு மாதமாக நடந்த அதே உரையாடலின் தொடர்ச்சியாக ஒரு மெயில் போயிருக்கிறது: எங்கள் வங்கிக் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இந்த முறை வேறு கணக்குக்கு அனுப்புங்கள். அக்கா எழுதுவது போலவே எழுதியிருந்தார், கடைசியில் அவர் வழக்கமாகப் போடும் நன்றி வாசகம் வரை. வாடிக்கையாளர், இதுவரை சிங்கப்பூர் வங்கிதானே, இது ஏன் ஹாங்காங், என்று கேட்டிருக்கிறார். அந்தக் கேள்வி அக்காவின் கண்ணுக்கு வரவே இல்லை. பதில் மட்டும் போயிருக்கிறது. செவ்வாய் மதியம் பணம் அனுப்புவதாக அவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்த ஆள் இரவு 2:06-க்கு ஏன் அத்தனை அவசரமாகத் திரும்பி வந்தார் என்பது அப்போது புரிந்தது.

மெயிலின் அடியில் இருந்த தொலைபேசி எண்ணைப் பார்க்காமல், போன வருடத்துப் பழைய விலைப்பட்டியலைத் தேடியெடுத்து அதிலிருந்த எண்ணுக்கு அக்காவைப் பேசச் சொன்னேன். மணி 9:35. எதிர்முனையில் கணக்குப் பிரிவுப் பெண்மணி, அக்காவுக்கு ஏழு வருடப் பழக்கம். மலாயில் இரண்டு நிமிடம் பேசினார்கள். அனுப்பவில்லை, இன்னும் அனுப்பவில்லை என்று அக்கா என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். அப்புறம்தான் நாற்காலியில் உட்கார்ந்தார், அழுதார்.

பணம் போயிருந்தால் மணிக்கணக்கில் கூட யோசிக்க நேரம் இருந்திருக்காது. 2024-இல் சிங்கப்பூரில் ஒரு சரக்கு வர்த்தக நிறுவனத்துக்கு நடந்ததை இன்டர்போல் வெளியிட்டது. ஜூலை 15 அன்று சப்ளையர் பெயரில் ஒரு மெயில், முகவரியில் எழுத்து சற்றே வேறு, கணக்கு திமோர் லெஸ்தேயில். ஜூலை 19 அன்று 4.23 கோடி அமெரிக்க டாலர் அனுப்பினார்கள். உண்மையான சப்ளையர் பணம் வரவில்லை என்று சொன்ன பிறகு, ஜூலை 23 அன்றுதான் தெரிந்தது. காவல்துறை இன்டர்போலின் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வழிமுறையில் திமோர் லெஸ்தேயைத் தொடர்புகொண்டு, ஜூலை 25 அன்று 3.9 கோடி டாலரை நிறுத்தியது. அங்கே முகவரியில் எழுத்துப் பிழையாவது இருந்தது. எங்கள் விஷயத்தில் கிள்ளான்காரர்கள் எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் முகவரியில் குற்றம் கண்டுபிடித்திருக்க முடியாது.

புகார் கொடுத்தோம். வங்கிக்கும் சொன்னோம். மீதி நாள் முழுவதும் எனக்கு வேறு வேலை: அவர் எதையெல்லாம் படித்தார்? இதற்கு `MailItemsAccessed` என்ற தணிக்கைப் பதிவு இருக்கிறது. ஒரு மெயிலைத் தனியாகத் திறந்தால் ஒரு வகை. மெயில் மென்பொருள் ஒரு கோப்புறையையே இறக்கிக்கொண்டால் வேறு வகை. அப்படி இருந்தால் அந்தக் கோப்புறை முழுவதும் போய்விட்டது என்றே கணக்கில் கொள்ள வேண்டும். இவர் பிரவுசரில் ஒவ்வொன்றாகத்தான் திறந்திருந்தார். 214 மெயில்கள். பெரும்பாலும் விலைப்பட்டியல்கள். அவற்றுக்கு நடுவில் மனிதவளப் பிரிவு அக்காவுக்கு அனுப்பிய சம்பளப் பட்டியல் ஒன்று, 63 பேரின் பெயர், அடையாள எண், சம்பளத்தோடு.

சிங்கப்பூரில் 2021 பிப்ரவரியிலிருந்து தரவுக் கசிவை அறிவிப்பது சட்டப்படி கடமை. 500 பேரோ அதற்கு மேலோ என்றால்தான் சொல்ல வேண்டும் என்று மேலாளர் நினைத்திருந்தார். அது பெரிய அளவிலான கசிவுக்கான அளவுகோல். பெயரோடு சம்பளம் போன்ற சில விவரங்கள் சேர்ந்து வெளியே போனால், ஆள் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் அறிவிக்க வேண்டும். அறிவிக்க வேண்டிய கசிவு என்று மதிப்பிட்டு முடித்ததிலிருந்து மூன்று நாட்காட்டி நாளுக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையத்திடம் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்ட 63 பேருக்கும் சொல்ல வேண்டும். சொன்னோம். அந்தப் பட்டியலில் என் பெயரும் இருந்தது.

அக்கா ஏன் திங்கள் இரவே அழைக்கவில்லை என்று பிறகு கேட்டேன். குற்றமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"என் வேலை அனுமதி, எஸ் பாஸ், புதுப்பிக்க ரெண்டு மாசம்தான் தம்பி இருக்கு. இந்த நேரத்துல நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்னு எழுத்துல போயிடுச்சுன்னா? திருச்சில ரெண்டு புள்ளைங்க படிக்குது. பாஸ்வேர்ட மாத்துனா சரியாயிடும்னு நெனச்சேன்."

எங்கள் அலுவலகத்தில் புகார் படிவத்தின் முதல் கேள்வி 'பயனர் என்ன தவறு செய்தார்' என்ற தொனியில்தான் இருந்தது. அந்தப் படிவமும் நாங்கள் செய்தது. இப்போது அதில் மூன்று கேள்விகள்தான்: எப்போது பார்த்தீர்கள், எதைப் பார்த்தீர்கள், எந்த எண்ணில் உங்களை அழைக்கலாம்.

கணக்குப் பிரிவில் எல்லாருக்கும் இப்போது பாதுகாப்புச் சாவி கொடுத்திருக்கிறோம், யுஎஸ்பியில் செருகும் சின்னத் துண்டு. அது பதிவு செய்த வலைமுகவரிக்கு மட்டுமே பதில் சொல்லும். நடுவில் நிற்கும் பக்கத்தின் முகவரி வேறு என்பதால், அக்கா ஏமாந்தாலும் சாவி ஏமாறாது. ஒருவரே இரண்டாவது சாதனத்தைத் தன் கணக்கில் சேர்க்க வேண்டுமென்றால் அலுவலகக் கணினியிலிருந்து மட்டுமே முடியும். தானே பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ள இரண்டு சான்றுகள் வேண்டும். எனக்கு அழைப்புகள் அதிகமாகியிருக்கின்றன. பரவாயில்லை.

நிர்வாகத்துக்குப் போகும் அறிக்கையின் முதல் வரைவை மேலாளர் எழுதினார். முதல் வாக்கியம் 'ஊழியரின் கவனக்குறைவால்' என்று தொடங்கியது. நான் அதை எடுத்துவிட்டு நேரங்களை மட்டும் வரிசையாகப் போட்டுக் கொடுத்தேன். வியாழன் 4:15, உள்நுழைவு. 4:40, இரண்டாவது கைப்பேசி. செவ்வாய் 2:06, ஐடி துறை திறந்து வைத்திருந்த வசதி வழியாகப் பாஸ்வேர்ட் மாற்றம். 8:20, ஊழியர் ஐடி துறையிடம் நேரில் தெரிவித்தார். 9:35, ஊழியர் வாடிக்கையாளருடன் பேசிப் பணத்தை நிறுத்தினார். மேலாளர் இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.